பவர்பேங்கின் பின்பக்கம்

10000 எம்.ஏ.எச். என்று பெரிய எழுத்தில் போட்ட பவர்பேங்க் ஒன்றை வாங்குகிறோம். கையில் இருக்கும் போனின் பேட்டரி 5000 எம்.ஏ.எச். அப்படியானால் இரண்டு முறை முழுதாக சார்ஜ் ஏறும் என்றுதான் யாரும் கணக்குப் போடுவார்கள். ஒன்றரை முறைகூட ஏறாது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டார், டூப்ளிகேட் சரக்கு என்று கோபம் வரும். பல சமயம் பொருள் சரியானதாகவே இருக்கும், நாம் படித்த எண்தான் நமக்குப் பயன்படாத எண். பயன்படும் எண்கள் பின்பக்கத்தில், எறும்பு ஊர்வதுபோல் பொடி எழுத்தில் அச்சாகியிருக்கின்றன. போனில் டார்ச்சைப் போட்டு, கேமராவில் பெரிதாக்கி ஒருமுறை பொறுமையாகப் படித்துவிட்டால் எது வேகமாக ஏறும், எது சூடாகும், எதைக் கடையிலேயே வைத்துவிட்டு வரலாம் என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும்.

கடைகளில் அதிகம் விற்கும் 10000 எம்.ஏ.எச்., 22.5 வாட் வகை பவர்பேங்க் ஒன்றையே எடுத்துக்கொள்வோம். அதன் பின்பக்கம் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

```
Capacity: 10000mAh 3.7V (37Wh)
Rated Capacity: 6000mAh (5V⎓3A)
Input (Type-C): 5V⎓3A, 9V⎓2A
Output (Type-C): 5V⎓3A, 9V⎓2.22A
Output (USB-A): 5V⎓3A, 9V⎓2A, 10V⎓2.25A
Total Output: 5V⎓3A
```

முதல் வரியில் பெரிய எண்ணை ஒட்டி 3.7V என்று இருப்பதைக் கவனியுங்கள். 10000 என்பது உள்ளே இருக்கும் லித்தியம் செல்லின் கணக்கு. அந்தச் செல் வேலை செய்வது சராசரியாக 3.7 வோல்ட்டில். வோல்ட் எவ்வளவு என்று சொல்லாமல் எம்.ஏ.எச். மட்டும் சொல்வது, பத்துக் குடம் தண்ணீர் என்று சொல்லிவிட்டுக் குடத்தின் அளவைச் சொல்லாமல் விடுவதற்குச் சமம். அதனால் அடைப்புக்குறிக்குள் இருக்கும் 37 வாட் மணி என்பதுதான் உண்மையான இருப்பு. 10 ஆம்பியர் மணியை 3.7 வோல்ட்டால் பெருக்கினால் அது வந்துவிடும்.

இந்த இருப்பு அப்படியே போனுக்குப் போவதில்லை. செல்லின் 3.7 வோல்ட்டை 5 அல்லது 9 வோல்ட்டாக உயர்த்தித்தான் வெளியே அனுப்ப முடியும். உயர்த்தும் வேலையைச் செய்யும் சர்க்யூட் கொஞ்சத்தை வெப்பமாகத் தின்றுவிடும். அதையும் கழித்துச் சொல்வதுதான் இரண்டாவது வரியில் உள்ள ரேட்டட் கெப்பாசிட்டி. 5 வோல்ட்டில் 6000 எம்.ஏ.எச். என்றால் 30 வாட் மணி. போனுக்குள் ஏறும்போது இன்னொரு பத்து சதவீதம் போனால் கையில் நிற்பது சுமார் 27. நம் 5000 எம்.ஏ.எச். போனின் பேட்டரி ஏறக்குறைய 19 வாட் மணி கொள்ளும். 27-ஐ 19-ஆல் வகுத்தால் 1.4. முதலில் சொன்ன ஒன்றரைக்கும் குறைவான கணக்கு இப்படித்தான் வருகிறது.

ரேட்டட் கெப்பாசிட்டி, பெரிய எண்ணில் அறுபது சதவீதத்துக்கு மேல் இருந்தால் நல்ல பொருள். அந்த வரியே அச்சாகவில்லை என்றால் நான் அதை வாங்க மாட்டேன். 50000 எம்.ஏ.எச். என்று நடைபாதையில் குறைந்த விலைக்குக் கிடைப்பவற்றுக்கு இன்னொரு சோதனை இருக்கிறது, எடை. உருளை வடிவ 18650 செல் ஒன்று 45 கிராமுக்கு மேல் எடை இருக்கும், நல்ல செல்லே அதிகம் போனால் 3500 எம்.ஏ.எச்.தான் தரும். அதனால் நேர்மையான 10000 எம்.ஏ.எச். பவர்பேங்க் சுமார் 200 கிராம் இருக்கும், 20000 என்றால் 350, 400 கிராம் வரை போகும். 50000 என்று சொல்லிக்கொண்டு 300 கிராமில் கைக்கு அடக்கமாக ஒன்று இருந்தால், அதற்குள் அவ்வளவு இருக்கவே முடியாது.

வாட் மணியைத் தெரிந்து வைத்துக்கொள்ள இன்னொரு காரணமும் உண்டு. விமானத்தில் பவர்பேங்கைக் கைப்பையில்தான் கொண்டுபோக வேண்டும், சரக்குப் பெட்டியில் போடக் கூடாது. விமான நிறுவனத்தைக் கேட்காமலே எடுத்துப்போக உள்ள வரம்பு 100 வாட் மணி. 20000 எம்.ஏ.எச். என்றால் 74 வாட் மணி, தாராளமாகப் போகலாம். 27000 என்றால் 99.9, விளிம்பில் நிற்கும். அச்சு அழிந்துபோய் எண் தெரியாவிட்டால் பாதுகாப்புச் சோதனையில் பிடுங்கி வைத்துவிடக்கூடும். 2025 ஜனவரியில் தென்கொரியாவின் கிம்ஹே விமான நிலையத்தில் ஏர் பூசான் விமானம் ஒன்று கிளம்புவதற்கு முன்பே தீப்பிடித்தது. பயணிகள் எல்லோரும் வெளியேறித் தப்பித்தார்கள், விமானத்தின் கூரை எரிந்துபோனது. பவர்பேங்க் ஒன்றின் உள்ளே காப்பு சிதைந்து தீ தொடங்கியிருக்க வாய்ப்பு அதிகம் என்று விசாரணையில் சொன்னார்கள். அதற்குப் பிறகு பல நாடுகளில் இந்த விதிகள் இன்னும் இறுகிவிட்டன.

இனி வேகத்துக்கு வருவோம். வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட். முன்பக்கத்தில் போட்ட 22.5 வாட் எங்கிருந்து வருகிறது என்று லேபிளில் தேடினால், யு.எஸ்.பி.-ஏ என்ற பழைய அகலமான துளையின் வரியில் கடைசியாக இருக்கும் 10 வோல்ட், 2.25 ஆம்பியர். அந்தக் கூட்டணியைக் கேட்டு வாங்கத் தெரிந்தவை சில குறிப்பிட்ட வகைப் போன்கள் மட்டுமே. மற்ற போன்கள் அந்தத் துளையில் 9 வோல்ட், 2 ஆம்பியரோடு, அதாவது 18 வாட்டோடு நின்றுவிடும். ஐபோனை அதில் மாட்டினால் 5 வோல்ட்டிலேயே இருந்துவிடும், 12 வாட்டைத் தாண்டாது. டைப்-சி துளை தருவது 9 வோல்ட், 2.22 ஆம்பியர், அதாவது 20 வாட். ஐபோன், சாம்சங், கூகுள் பிக்சல் போன்றவை வைத்திருப்பவர்களுக்கு இந்த டைப்-சி துளைதான் வேகமானது. இரு பக்கமும் டைப்-சி முனை உள்ள கேபிள் இருந்தால்தான் அந்த வேகம் கிடைக்கும்.

கடைசி வரியைப் பெரும்பாலானவர்கள் படிப்பதே இல்லை. மொத்த வெளியீடு 5 வோல்ட், 3 ஆம்பியர் என்று அதில் இருக்கிறது. இரண்டு துளையிலும் எதையாவது மாட்டிவிட்டால் பவர்பேங்க் வேகச் சார்ஜை நிறுத்திவிட்டு, இரண்டுக்கும் சேர்த்து 15 வாட் மட்டும் கொடுக்கும். போன் வேகமாக ஏறிக்கொண்டிருக்கும்போது ப்ளூடூத் இயர்பட்ஸ் டப்பாவை அடுத்த துளையில் செருகினாலே போதும், போனின் வேகம் சட்டென்று விழுந்துவிடும். அவசரம் என்றால் ஒன்றை மட்டும் மாட்டுங்கள்.

பவர்பேங்கையே சார்ஜ் செய்வதற்கான வேகம் இன்புட் வரியில் இருக்கிறது. இங்கே 9 வோல்ட், 2 ஆம்பியர், 18 வாட். அதற்கு ஏற்ற சார்ஜர் இருந்தால் மூன்று மணி நேரத்தை ஒட்டி நிரம்பிவிடும். வீட்டில் மூலையில் கிடக்கும் பழைய 5 வோல்ட், 1 ஆம்பியர் சார்ஜரில் போட்டால் ஒரு இரவு முழுக்க ஆகும்.

சுவரில் மாட்டும் சார்ஜரைப் பற்றி மக்களிடம் ஒரு பயம் இருக்கிறது. 25 வாட் போனுக்கு 65 வாட் சார்ஜர் போட்டால் போன் கெட்டுவிடுமா என்று என்னிடம் பலர் கேட்டிருக்கிறார்கள். ஒழுங்கான சார்ஜராக இருந்தால் கெடாது. மாட்டிய உடனே சார்ஜர் 5 வோல்ட் மட்டுமே தரும். பிறகு என்னென்ன வோல்ட், எத்தனை ஆம்பியர் தன்னால் தர முடியும் என்று கேபிள் வழியாகப் போனிடம் சொல்லும். போன் அதில் தனக்கு வேண்டியதைக் கேட்கும், கேட்ட பிறகுதான் வோல்ட் உயரும். 65 வாட் சார்ஜர் என்பது 65 வரை கொடுக்க முடியும் என்ற அளவுதான். எவ்வளவு எடுப்பது என்பது போனின் முடிவு.

வாட் போதுமானதாக இருந்தும் வேகம் வராமல் போவதுதான் உண்மையான சிக்கல். சாம்சங்கின் 25 வாட் சார்ஜரை எடுத்துப் படித்தால், 9V⎓2.77A என்ற வரிக்குக் கீழே பி.பி.எஸ். என்று தனியாக ஒரு வரி இருக்கும். அதில் 3.3-11V⎓2.25A என்று இருக்கும். வோல்ட்டை 5, 9 என்று தாவித் தாவிக் கொடுக்காமல், போன் கேட்கக் கேட்கச் சிறு சிறு படியாக மாற்றிக் கொடுக்கும் முறை அது. அந்த வேலையைச் சார்ஜர் செய்வதால் போனுக்குள் வெப்பம் குறைகிறது. சாம்சங் போனுக்கு அந்தக் கடைசி வேகம் பி.பி.எஸ். இருந்தால்தான் கிடைக்கும். பி.பி.எஸ். வரி இல்லாத 65 வாட் சார்ஜரில் மாட்டினால் அது சுமார் 15 வாட்டில் ஏறும், பி.பி.எஸ். உள்ள 25 வாட் சார்ஜர் அதை ஓரங்கட்டிவிடும். போன் திரையிலேயே இது தெரியும். `Super fast charging` என்று வந்தால் முழு வேகம், `Fast charging` என்று மட்டும் வந்தால் ஒரு படி கீழே.

80 வாட், 100 வாட் என்று விளம்பரப்படுத்தும் போன்களின் கதை வேறு. அவற்றின் சார்ஜரில் 11V⎓7.3A என்பதுபோல் ஆம்பியர் மிக அதிகமாக இருக்கும். அந்தச் சார்ஜரும் அதனுடன் வந்த கேபிளும் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொண்டால்தான் அவ்வளவு மின்சாரம் ஓடும். கேபிளை மட்டும் மாற்றினாலும் வேகம் பாதாளத்துக்குப் போய்விடும். அந்த வகைப் போன் வைத்திருப்பவர்கள் 65 வாட் பவர்பேங்குக்குக் கூடுதல் காசு கொடுப்பதற்கு முன், அந்தப் போன் பொதுவான பி.டி. முறையில் எத்தனை வாட் எடுக்கும் என்று கேட்டுக்கொள்வது நல்லது.

இவ்வளவும் சரியாக அமைந்த பிறகும் கெடுக்கக்கூடியது கேபிள். இந்த மூன்றில் ஜனங்கள் மிகவும் அலட்சியமாக வாங்குவது அதைத்தான். என்னைக் கேட்டால் கொஞ்சம் கூடுதலாகச் செலவழிக்க வேண்டிய இடமும் அதுதான்.

வீட்டில் இருக்கும் யு.எஸ்.பி. கேபிள் ஒன்றை எடுத்து, அதன் மேலுறையை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். சாதாரண ரப்பர் உறை போட்ட கேபிள்கள் பலவற்றில் இப்படி ஒரு வரி மங்கலாக அச்சாகியிருக்கும்: 28AWG/1P+24AWG/2C. இதில் 1P என்பது ஒரு ஜோடி, போட்டோவும் பாட்டும் போய்வரும் தகவல் கம்பிகள். 2C என்பது இரண்டு கம்பிகள், மின்சாரம் போகும் கம்பியும் திரும்பும் கம்பியும். நமக்கு வேண்டியது 2C-க்கு முன்னால் நிற்கும் எண். இந்த அளவுமுறையில் எண் குறையக் குறையக் கம்பி தடிமனாகும். 24 என்பது 28-ஐவிடத் தடித்த கம்பி, 22 அதைவிடத் தடித்தது. நான்கு கம்பியுமே 28 என்று போட்ட கேபிள்கள் மலிவாகக் கிடைக்கும், கணினியில் கீபோர்டு மாட்ட அவை போதும்.

இந்த நான்கு எண் வித்தியாசம் என்ன செய்கிறது என்று கணக்குப் போட்டுப் பார்த்தால் புரியும். 28 கம்பி ஒரு மீட்டருக்குச் சுமார் 0.21 ஓம் தடை கொடுக்கும். ஒரு மீட்டர் கேபிள் என்றால் மின்சாரம் போக ஒரு மீட்டர், வர ஒரு மீட்டர், ஆக 0.42 ஓம். அதில் 2 ஆம்பியர் ஓடினால் வழியிலேயே 0.84 வோல்ட் காணாமல் போகும். சார்ஜர் 5 வோல்ட் கொடுத்தாலும் போனின் வாயில் 4.16 வோல்ட்தான் நிற்கும். பேட்டரி நிரம்பும்போது 4.2 வோல்ட்டைத் தாண்ட வேண்டும், அப்படியிருக்க இவ்வளவு தாழ்ந்த மின்சாரத்தை வைத்துக்கொண்டு போன் ஒன்றும் செய்ய முடியாது. அது தானாகவே இழுக்கும் ஆம்பியரைக் குறைத்துக்கொள்ளும். 10 வாட்டில் ஏற வேண்டியது 5, 6 வாட்டில் ஊர்ந்து ஏறும். அதே இடத்தில் 24 கம்பி இருந்தால் இழப்பு 0.34 வோல்ட், போனுக்கு 4.66 வோல்ட் போய்ச் சேரும். நீளம் இரண்டு மீட்டரானால் இழப்பும் அப்படியே இரட்டிப்பாகும். கட்டில் வரைக்கும் எட்டட்டும் என்று நீளமான கேபிள் வாங்குபவர்கள் 22 அல்லது 20 கம்பி உள்ளதாகப் பார்த்து வாங்க வேண்டும்.

9 வோல்ட்டில் சார்ஜ் செய்தாலும் இழப்பு அதே 0.84 வோல்ட்தான், ஆனால் ஒன்பதில் அது பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதனால் வேகச் சார்ஜர்கள் ஆம்பியரை ஏற்றாமல் வோல்ட்டை உயர்த்துகின்றன. ஆம்பியர் இரட்டிப்பானால் கேபிளில் உண்டாகும் வெப்பம் நான்கு மடங்காகும். 3 ஆம்பியருக்கு மேல் எடுத்துப்போகும் டைப்-சி கேபிளின் முனையில் சிறிய சிப் ஒன்று இருக்க வேண்டும் என்ற விதி இதை ஒட்டி வந்ததுதான். தான் 5 ஆம்பியர் தாங்குவேன் என்று அந்தச் சிப் சார்ஜரிடம் சொல்லும். சிப் இல்லாத கேபிளில் நல்ல சார்ஜர் 3 ஆம்பியரோடு நிறுத்திக்கொள்ளும். 45 வாட் சாம்சங் போன் வைத்திருந்து, 45 வாட் சார்ஜரும் வாங்கி, திரையில் `Super fast charging 2.0` வராமல் இருந்தால் கேபிளில் அந்தச் சிப் இல்லை என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். முறையாகச் சான்று பெற்ற புதிய டைப்-சி கேபிள்களின் முனையில் 60W அல்லது 240W என்று பொறித்திருக்கும். 60 என்பது 3 ஆம்பியர், 240 என்பது 5 ஆம்பியர். போனுக்கு மட்டும் என்றால் பெரும்பாலானவர்களுக்கு 60 போதும்.

கையால் தடவிப் பார்த்துத் தடிமனாக இருக்கிறதே என்று வாங்குவதில் ஒரு மோசம் இருக்கிறது. நைலான் நூல் பின்னிய கேபிள் விரல் கனத்துக்கு இருந்தாலும், அந்தக் கனம் உறைக்கு உரியது. உள்ளே 28 கம்பி இருக்கலாம். இன்னொரு வகையில் கம்பி செம்பே இல்லை, அலுமினியத்துக்கு மேல் செம்பு பூசியிருப்பார்கள். அதே தடிமனில் அதன் தடை செம்பைவிட ஒன்றரை மடங்கை ஒட்டி இருக்கும், மடங்கி மடங்கிச் சீக்கிரம் அற்றும் போகும். அச்சு எதுவும் இல்லாத கேபிளைச் சோதிக்க ஒரு சின்ன யு.எஸ்.பி. மீட்டர் இருந்தால் போதும். சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களிலும் ஆன்லைனிலும் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. கேபிளுக்கும் சார்ஜருக்கும் நடுவே செருகினால் எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் ஓடுகிறது என்று காட்டும். ஒரே சார்ஜர், ஒரே போன், பாதிக்குக் கீழே சார்ஜ் இருக்கும்போது கேபிளை மட்டும் மாற்றி மாற்றிப் பாருங்கள். நல்ல கேபிளில் 2 ஆம்பியர் காட்டும் இடத்தில் மோசமானது 1-ஐ ஒட்டிக் காட்டும். பாதிக்குக் கீழே என்று சொல்வதற்குக் காரணம், 80 சதவீதத்துக்கு மேல் போனால் பேட்டரியைக் காப்பாற்றுவதற்காக எந்தப் போனும் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அப்போது எந்தக் கேபிளும் மோசமாகத்தான் தெரியும்.

சூட்டையும் கைகொண்டு பார்க்க வேண்டும். சார்ஜ் ஏறும்போது போனும் சார்ஜரும் இளஞ்சூடாக இருப்பது இயல்பு. கேபிளின் முனை மட்டும் தனியாகக் கொதித்தால் அது இயல்பில்லை. உள்ளே பின்கள் சரியாக ஒட்டாமல் மின்சாரம் ஒரு குறுகிய இடத்தில் முட்டிக்கொண்டு போகிறது என்று பொருள். முனையின் பிளாஸ்டிக் பழுப்பேறியிருந்தாலோ, பின்கள் கறுத்திருந்தாலோ அந்தக் கேபிளை அன்றே வெட்டிப் போட்டுவிடுங்கள், வெட்டாமல் விட்டால் வீட்டில் வேறு யாராவது எடுத்து மாட்டிவிடுவார்கள். பல சமயம் குற்றம் போனின் துளையில் இருக்கும். சட்டைப் பை நூலும் தூசியும் உள்ளே அடைந்து, கேபிள் முழுதாக உள்ளே போகாது. போனை அணைத்துவிட்டுப் பல்குத்தும் மரக்குச்சியால் மெதுவாக நோண்டி எடுத்தால் சரியாகிவிடும், ஊசியோ ஹேர்பின்னோ வேண்டாம்.

போன் வேகம் குறைவதற்கு வெயிலும் ஒரு காரணம். லித்தியம் பேட்டரி 45 டிகிரி செல்சியஸுக்கு மேல் சார்ஜ் ஏற்றுவதற்கு உகந்ததில்லை, அந்த நிலை நெருங்கினாலே போன் வேகத்தைக் குறைக்கும் அல்லது நிறுத்தும். சித்திரை வெயிலில் காரின் டேஷ்போர்டில் வைத்து மேப் பார்த்துக்கொண்டே சார்ஜ் போட்டால், எந்தச் சார்ஜரைக் குறை சொல்லியும் பயனில்லை. பவர்பேங்குக்கும் இதே கதைதான். ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியிலும், பூட்டிய காரிலும், தலையணைக்கு அடியிலும் வைக்கக் கூடாத பொருள் அது.

வாங்கும்போது பார்க்க வேண்டிய இன்னொரு சின்ன எண் உண்டு. இந்தியாவில் விற்கும் பவர்பேங்குக்கும் சார்ஜருக்கும் பி.ஐ.எஸ். பதிவு கட்டாயம். லேபிளில் R- என்று தொடங்கி எட்டு இலக்கம் இருக்கும். பி.ஐ.எஸ். கேர் என்ற அரசுச் செயலியில் அந்த எண்ணைத் தட்டினால் எந்த உற்பத்தியாளர், எந்தப் பொருளுக்காகப் பதிவு செய்தார் என்று காட்டும். பவர்பேங்கில் இருக்கும் எண்ணைத் தட்டினால் எல்.இ.டி. பல்ப் கம்பெனி வந்தால், அது வேறு யாரிடமோ இருந்து எடுத்து ஒட்டிய எண். கடையிலேயே நின்று ஒரு நிமிடத்தில் பார்த்துவிடலாம்.

பவர்பேங்க் பழசாகும்போது கவனிக்க வேண்டியது உப்பல். அதைச் சமமான மேசையில் வைத்து ஒரு மூலையை அழுத்துங்கள். ஆடினாலோ, லேசாகத் தட்டினால் சுற்றினாலோ, மூடியின் ஓரம் வாய்பிளந்திருந்தாலோ உள்ளே செல் வாயு கட்டி உப்பியிருக்கிறது. நெயில் பாலிஷ்போல் இனிப்பான ரசாயன வாடை அடித்தாலும் அப்படித்தான். அதற்குப் பிறகு அதை ஒருமுறைகூட சார்ஜ் போடக் கூடாது, அமுக்கி மூடவோ குத்தி வாயுவை விடவோ கூடாது. பால்கனியில் ஓடு அல்லது சிமெண்ட் தரையில், வெயில் படாமல், துணி, காகிதம் எதுவும் பக்கத்தில் இல்லாமல் வையுங்கள். பிறகு மின்கழிவு வாங்கும் இடத்தில், உப்பியது என்று சொல்லியே கொடுத்துவிட வேண்டும். வீட்டுக் குப்பையோடு போட்டால் குப்பை லாரியில் நசுங்கும்போது தீப்பிடிக்கும். சார்ஜில் இருக்கும்போதே புகை வந்துவிட்டால் முதலில் சுவரில் சுவிட்சை அணையுங்கள், பவர்பேங்கைக் கையில் தூக்காதீர்கள். தள்ளி நின்று வாளித் தண்ணீரை ஊற்றிக் குளிரவையுங்கள். தீ அணைந்ததுபோல் தெரிந்தாலும் பக்கத்துச் செல் சூடேறி மறுபடியும் பற்றும், அதனால் தண்ணீரைத் தொடர்ந்து ஊற்ற வேண்டும். புகை அறையை நிரப்பத் தொடங்கினால் தண்ணீரை விட்டுவிட்டு எல்லோரையும் வெளியே அழைத்துக்கொண்டு கதவைச் சாத்தி, தீயணைப்பு நிலையத்தை அழையுங்கள்.